மூன்றாவதும் படுத்த பிறகு எழுதிய மின்னஞ்சல்

தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேஷியாவில் எங்கள் தமிழ் வட்டத்தில் நான்கைந்து பேர் இதுவரை என்னிடம் கேட்டுவிட்டார்கள். "அக்கா, இன்வெர்ட்டர் பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்தக் கடைக்காரனுக்கு நீங்க எழுதின மெயிலைக் கொஞ்சம் அனுப்புங்களேன்." அனுப்பிவிடுவேன். பெயரையும் பொருளையும் மாற்றிவிட்டு அப்படியே தங்கள் கடைக்கு அனுப்புவார்கள். இரண்டு வாரம் கழித்து, "ஒண்ணும் நடக்கலியே அக்கா" என்பார்கள். எடுத்துப் பார்த்தால் சட்டப் பிரிவுகள் எல்லாம் இருக்கும், தேதிகள் இருக்காது. "ஜனவரி வாக்கில்", "கொஞ்ச நாளில்", "பலமுறை சொல்லியும்" என்றுதான் இருக்கும். அந்த மின்னஞ்சலுக்கு முன்னால் நடந்தது தெரியாமல் அதை மட்டும் எடுத்துக்கொண்டு பயனில்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால் முழுக் கதையையும் எழுதிவிடுகிறேன்.

2023 ஜனவரி. ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தவர்களுக்கு அந்த மாதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்டேஜ் 6 மின்வெட்டு ஓடிக்கொண்டிருந்தது, நாளுக்குப் பலமுறை கரண்ட் போகிற நிலை. நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். அத்தைக்கு இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ஆகவே ஆன்லைனில் ஒரு இன்வெர்ட்டர் ட்ராலி வாங்கினோம். சக்கரம் வைத்த பெட்டி, உள்ளே 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஜெல் பேட்டரி, அதோடு இன்வெர்ட்டரும் சார்ஜரும். விலை 7,500 ரேண்ட். வாங்குவதற்கு முன் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு கேள்வி அனுப்பினேன்: "ஸ்டேஜ் 6-இல் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், டிவி, ரவுட்டர், லேப்டாப், நான்கு பல்பு ஓட்ட வேண்டும். இது போதுமா?" ஜனவரி 6 அன்று பதில் வந்தது: "தாராளமாகப் போதும், ஸ்டேஜ் 6-க்கென்றே விற்கிறோம்." படித்துவிட்டு மறந்துபோனேன். ஐந்து மாதம் கழித்து அந்த ஒரு வரிதான் என்னைக் காப்பாற்றியது.

முதல் இரண்டு கடிதங்கள்

ட்ராலி ஜனவரி 11 அன்று வந்தது. முதல் மாதம் ஒரு குறையும் இல்லை. இரண்டு மணி நேர வெட்டு முழுக்கத் தாங்கியது. பிப்ரவரி நடுவில் வெட்டு முடிவதற்குக் கொஞ்சம் முன்பே பீப் அடிக்க ஆரம்பித்தது. மார்ச் 4, சனிக்கிழமை, கரண்ட் போய் 25 நிமிடத்தில் பெட்டி அணைந்துவிட்டது. அன்று நான் எழுதிய மின்னஞ்சலை இப்போது படித்தால் வருத்தமாக இருக்கிறது. ஒன்றரைப் பக்கம். என் கோபம், அத்தையின் இன்சுலின், அலுவலகக் கூட்டத்தின் நடுவே நான் காணாமல்போனது என்று எல்லாமே இருக்கிறது. பெட்டி எப்போது வந்தது, எப்போது நின்றது, எனக்கு என்ன வேண்டும் என்ற மூன்றும் இல்லை. மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. புதிய பெட்டியும் மார்ச் 13 அன்று வந்தது. சரி, நல்ல கடை என்று நினைத்துக்கொண்டேன்.

அது ஏப்ரல் 28 அன்று படுத்தது. அதே மாதிரி. முதலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பிறகு ஒரேயடியாக. இரண்டாவது கடிதத்தை மறுநாளே எழுதினேன். அதிலும் பெரிய தவறு செய்தேன்: "தயவுசெய்து மாற்றித் தரவும்" என்று நானே கேட்டேன். கேட்டதைத்தானே அவர்கள் கொடுப்பார்கள்? மே 5 அன்று மூன்றாவது பெட்டி வாசலில் நின்றது. இடையில் தொலைபேசியில் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "எங்கள் பாலிசிப்படி ஒரு வருடம் மாற்றித் தருவோம், பணம் தருவதில்லை" என்றார்கள். அதையும் நம்பினேன். பேசியதற்கு எந்தப் பதிவும் இல்லை. எந்தத் தேதியில் பேசினேன் என்பதும் இன்றுவரை எனக்குத் தெரியாது.

பசி

எங்கள் பக்கத்து வீட்டு அங்கிள் நாற்பது வருடம் கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தவர். நான்காம் தலைமுறைத் தமிழர். பாட்டி பேசக் கேட்ட சில சொற்கள்தான் அவரிடம் மிச்சம். அவற்றில் பாதி சாப்பாட்டைப் பற்றியவை. மூன்றாவது பெட்டி வந்த மறுநாள், மே 6 அன்று, மல்டிமீட்டரோடு வந்தார். "இதுவும் போய்விடும்" என்றார். எப்படி அங்கிள் என்றேன். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தி, சரியான சொல்லைத் தேடி, பெட்டியைத் தட்டி, "பசி" என்றார்.

அதை எனக்குக் கணக்காகப் போட்டுக் காட்டினார். நான் சொன்ன சாமான்கள் எல்லாம் சேர்ந்தால், ஃப்ரிட்ஜ் விட்டுவிட்டு ஓடுவதையும் கழித்து, சராசரி 250 வாட் வரும். இரண்டு மணி நேரத்துக்கு 500 வாட்-மணி. இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 600-க்குப் பக்கத்தில். பேட்டரி முழுதாக 1,200. ஆக ஒவ்வொரு வெட்டிலும் பாதி பேட்டரி காலியாகிறது. அதாவது 50 ஆம்பியர்-மணி. இதுவரை பரவாயில்லை. திருப்பி நிரப்புவதில்தான் சிக்கல். பெட்டிக்குள் இருந்த சார்ஜர் 10 ஆம்பியர். 50-ஐ 10-ஆல் வகுத்தால் ஐந்து மணி நேரம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஜெல் பேட்டரியும் ஈய-அமில வகைதான், அது அப்படி நிரம்பாது. கிட்டத்தட்ட எண்பது சதவீதம் வரை வேகமாக வாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு அதுவே கரண்டைக் குறைத்துக் குறைத்து வாங்கும். கடைசிப் பகுதி நிரம்ப மட்டும் பல மணி நேரம் ஆகும். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும் என்றார். ஸ்டேஜ் 6-இல் ஒரு நாளில் மூன்று வெட்டு விழுந்தால் நடுவில் ஐந்தரை, ஆறு மணி நேரம்தான் கிடைக்கும். நான்கு மணி நேர வெட்டு விழுந்தாலோ பேட்டரி அடிமட்டம் வரை இறங்கிவிடும்.

அரைவயிற்றோடு கிடக்கிற ஈய-அமில பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே முழுதாகச் சார்ஜ் செய்தால் கரைந்துவிடும். நாள்கணக்கில் விட்டால் கெட்டிப்பட்டுவிடும். கெட்டிப்பட்ட இடம் திரும்ப வேலைக்கு வராது. ஒவ்வொரு நாளும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், 100 ஆம்பியர்-மணி என்று ஒட்டியிருக்கிற பெட்டியில் கடைசியில் 20-தான் மிஞ்சும். ஃப்ரிட்ஜைக் கழற்றிவிடு, கதவைத் திறக்காமல் இருந்தால் இரண்டு மணி நேரம் குளிர் தாங்கும், பேட்டரியும் கொஞ்சம் கூட நாள் வரும் என்றும் அவர்தான் சொன்னார். உண்மைதான். ஆனால் ஃப்ரிட்ஜுக்காகத்தானே வாங்கினேன்? அதைச் சொல்லித்தானே வாங்கினேன்?

அன்று ராத்திரி பழைய கூரியர் செய்திகளைத் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதினேன். ஜனவரி 11 முதல் மார்ச் 4 வரை 52 நாள். மார்ச் 13 முதல் ஏப்ரல் 28 வரை 46 நாள். ஒரு பெட்டி கோளாறோடு வந்திருந்தால் ஒன்று மூன்றாம் நாளில் போயிருக்கும், இன்னொன்று இரண்டு வருடம் ஓடியிருக்கும். இரண்டு வெவ்வேறு பெட்டிகள், ஒரே வீட்டில், ஒரே மாதிரிச் சோர்ந்து, ஏறக்குறைய அதே நாள்கணக்கில் போகின்றன என்றால் கெட்டுப்போன ஒரு பேட்டரியைப் பற்றிய பேச்சு அல்ல இது. அந்த மாடலுக்கு இந்த வேலை ஆகாது. அப்படியென்றால் அதே மாடலில் இன்னொன்று வாங்கி என்ன பயன்? இரண்டு மாதமாக நான் தவறான பொருளைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

நோட்டும் இரண்டு பல்பும்

மூன்றாவது பெட்டிக்கு முதல் நாளிலிருந்தே நோட்டு போட்டேன். பெட்டியின் அடியில் இருந்த வரிசை எண்ணைப் படம் எடுத்துக்கொண்டேன். முந்தைய இரண்டின் எண்களும் அவர்களுடைய டெலிவரி தாள்களில் இருந்தன. மூன்றும் வேறு வேறு பெட்டிகள் என்று காட்ட அதுதான் வழி. பிளக் பக்கத்திலேயே நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். வெட்டு ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், அடுத்த வெட்டுக்கு முன் சார்ஜ் முழுதானதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்ததா இல்லையா. இவ்வளவுதான். நான் இல்லாதபோது அத்தை எழுதுவார்கள். அவர்கள் எழுத்து எனதைவிட ஒழுங்கு.

அங்கிள் சொல்லிக்கொடுத்த சோதனையையும் செய்தேன். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, 60 வாட் குண்டு பல்பு இரண்டை மட்டும் மாட்டி, பெட்டி தானாக அணையும்வரை நேரம் பார்க்க வேண்டும். வெறும் வோல்ட் அளந்தால் போதாதா என்று கேட்டேன். போதாது. ஓய்வில் 12.7 வோல்ட் காட்டுகிற பேட்டரிகூட, தகடு பாழாகியிருந்தால், வேலை கொடுத்ததும் விழுந்துவிடும். மனிதரை உட்காரவைத்து நாடி பார்ப்பதற்கும் மாடிப்படி ஏறச்சொல்லிப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. மே 6 அன்று இரண்டு பல்பும் 6 மணி 10 நிமிடம் எரிந்தன. நல்ல பேட்டரி, பழுது எதுவும் இல்லாமல்தான் வந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. உடனே திரும்ப முழுச் சார்ஜ் ஏற்றினோம். அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு அப்படியே விடக்கூடாது.

ஜூன் 17, சனிக்கிழமை. காலை வெட்டில் 25 நிமிடத்துக்குள் அணைந்தது. 43-ஆம் நாள். கரண்ட் வந்ததும் சார்ஜ் போட்டேன். பச்சை விளக்கு எரிந்த பிறகும் இன்னும் கொஞ்ச நேரம் விட்டு, அதே இரண்டு பல்பை மாட்டினேன். அத்தை அடுக்களைக் கடிகாரத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதலில் பல்பு மங்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை. மல்டிமீட்டரில் மட்டும் எண் இறங்கிக்கொண்டே வந்தது. 12.1, 11.8, 11.4. பிறகு பீப். 1 மணி 15 நிமிடம். ஆறு வாரத்துக்கு முன் ஆறு மணி நேரத்துக்கு மேல் எரிந்த அதே இரண்டு பல்பு.

நோட்டைக் கூட்டினேன். 86 வெட்டுகள். அடுத்த வெட்டுக்கு முன் பச்சை விளக்கு எரிந்தது 31 முறைதான்.

சட்டம் சொல்வது

எழுதுவதற்கு முன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை, 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் சட்டத்தை, நானே உட்கார்ந்து படித்தேன். எல்லாரும் 56-ஆம் பிரிவைச் சொல்வார்கள். அதில் இரண்டு உட்பிரிவுகளைக் குழப்பிக்கொள்கிறார்கள், நானும் குழப்பிக்கொண்டேன். 56(3) பழுது பார்த்ததைப் பற்றியது. பழுது பார்த்துக் கொடுத்த மூன்று மாதத்துக்குள் அந்தக் கோளாறு தீராமலோ வேறு கோளாறு கிளம்பியோ வந்தால் கடை மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் தர வேண்டும். என் பெட்டியை யாரும் பழுது பார்க்கவில்லை, மாற்றித்தான் தந்தார்கள். எனக்கானது 56(2). பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள், 55-ஆம் பிரிவு சொல்லும் தரத்தில் அது இல்லையென்றால், கடையின் செலவிலும் பொறுப்பிலும் திருப்பி அனுப்பலாம். பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்பதை வாங்கியவர் சொல்கிறபடி கடை செய்ய வேண்டும். கடையின் பாலிசி அந்த உரிமையைப் பறிக்க முடியாது.

55(3) என்ன சொல்கிறது என்றால், இன்ன வேலைக்கு வேண்டும் என்று கடைக்காரரிடம் குறிப்பாகச் சொல்லி, அவரும் அந்தப் பொருளை வழக்கமாக விற்பவராகவோ அதைப் பற்றித் தெரிந்தவர்போல நடந்துகொண்டவராகவோ இருந்தால், அந்த வேலைக்குப் பொருந்தும் என்று எதிர்பார்க்க வாங்கியவருக்கு உரிமை உண்டு. ஜனவரி 6 வாட்ஸ்அப் செய்தியைத் தேடி எடுத்தபோது எனக்குக் கை நடுங்கியது.

இன்னொரு கணக்கும் இருந்தது. ஆறு மாதத்தை எதிலிருந்து எண்ணுவது? மூன்றாவது பெட்டி வந்த நாளிலிருந்து என்று வாதாடலாம். ஆனால் வாதாட வேண்டிய அவசியமே இல்லாதபடி எழுதுவதுதான் நல்லது. முதல் பெட்டி வந்தது ஜனவரி 11. அதிலிருந்து எண்ணினாலும் ஜூலை 11 வரை ஆகிறது. ஜூன் 21 அன்று எழுதினால், எப்படி எண்ணினாலும் நான் உள்ளேதான். நான்காவது பெட்டிக்கு ஒப்புக்கொண்டிருந்தால் அந்த வாசலும் சாத்தியிருக்கும். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்.

> பொருள்: பணத்தைத் திருப்பித் தரக் கோருதல். மூன்று பெட்டிகள், ஒரே குறை.
>
> 6 ஜனவரி 2023: ஸ்டேஜ் 6-இல் ஃப்ரிட்ஜ் உட்பட இன்னின்ன சாமான்களை ஓட்ட வேண்டும் என்று கேட்டேன். போதும் என்று பதில் தந்தீர்கள். அந்தச் செய்தியின் படம் இணைப்பில்.
> 11 ஜனவரி: முதல் பெட்டி கிடைத்தது. 4 மார்ச்: 25 நிமிடத்தில் நின்றது. 52 நாள்.
> 13 மார்ச்: இரண்டாவது கிடைத்தது. 28 ஏப்ரல்: அதே குறை. 46 நாள்.
> 5 மே: மூன்றாவது கிடைத்தது. 17 ஜூன்: அதே குறை. 43 நாள்.
>
> மூன்றின் வரிசை எண்களும் இணைப்பில். மூன்றாவது பெட்டியில் 120 வாட் பல்புகள் மே 6 அன்று 6 மணி 10 நிமிடமும், ஜூன் 17 அன்று 1 மணி 15 நிமிடமும் எரிந்தன. 43 நாளில் 86 மின்வெட்டுகள். அடுத்த வெட்டுக்கு முன் சார்ஜ் முழுதானது 31 முறை. பெட்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறெதையும் பயன்படுத்தவில்லை.
>
> நான் சொன்ன வேலைக்கு இந்த மாடல் பொருந்தவில்லை. ஆகவே இன்னொரு மாற்றுப் பெட்டியை ஏற்க மாட்டேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 55(3), 56(2) பிரிவுகளின்படி 7,500 ரேண்டை முழுமையாகத் திருப்பித் தருமாறும், பெட்டியை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுமாறும் கேட்கிறேன். ஜூலை 5-க்குள் பதில் வராவிட்டால் நுகர்பொருள், சேவைகள் பற்றிய புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனிடம் இதே தாள்களோடு புகார் தருவேன்.

இவ்வளவுதான். இன்சுலின் இல்லை, கோபம் இல்லை. அத்தை வாசித்துவிட்டு, "நம்ம கஷ்டத்தை ஒரு வரி சேர்க்கலாமே" என்றார்கள். சேர்க்கவில்லை. கஷ்டத்துக்கு அனுதாபம் தெரிவித்தே ஒரு முழுப் பதிலை எழுதி முடித்துவிடுவார்கள். முந்தைய இரண்டு முறையும் அதுதான் நடந்தது. தேதிக்கு அனுதாபம் தெரிவிக்க முடியாது. சரி அல்லது தவறு என்றுதான் சொல்ல முடியும். ஜூலை 5 என்பதும் சும்மா போட்டதல்ல. பத்து வேலை நாள் கொடுத்தேன், அது முடிந்தாலும் ஜூலை 11-க்கு ஆறு நாள் மிஞ்சும். ஆம்பட்ஸ்மனிடம் போக வாங்கியவருக்குக் கட்டணம் கிடையாது. முதலில் கடையிடம் கேட்டுப் பார்த்ததற்கான தாள் வேண்டும், அது இந்த மின்னஞ்சலேதான்.

ஜூன் 28 அன்று பதில் வந்தது. பேட்டரியை அதிகமாக இறக்கிப் பயன்படுத்தியது என் தவறாம், அதற்கு உத்தரவாதம் கிடையாதாம். எதிர்பார்த்ததுதான். உண்மையில் பேட்டரி அதனால்தான் போனது, அதை நான் மறுக்கவில்லை. மூன்றே வரியில் எழுதினேன்: எதை ஓட்டப்போகிறேன் என்று ஜனவரி 6 அன்றே சொன்னேன். எவ்வளவு இறங்கியதும் அணைய வேண்டும் என்பதை உங்கள் பெட்டிதான் முடிவு செய்கிறது. எவ்வளவு வேகத்தில் நிரம்ப வேண்டும் என்பதை உங்கள் சார்ஜர்தான் முடிவு செய்கிறது. ஜூலை 7, வெள்ளிக்கிழமை, 7,500 ரேண்ட் கணக்கில் வந்தது.

திங்கட்கிழமை பெட்டியை எடுக்க ஒரு இளைஞர் வந்தார். நோட்டைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துக்கொண்டேன், அவர் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை போய் ஒரு படிவத்தை நீட்டினார். திருப்பி அனுப்பும் காரணம் என்ற கட்டத்தில் "பேட்டரி பழுது" என்று முன்கூட்டியே அச்சாகியிருந்தது. அவரிடம் பேனா வாங்கி அதை அடித்துவிட்டு, "வாங்கும்போது சொன்ன வேலைக்குப் பொருந்தவில்லை" என்று எழுதி, கீழே 10 ஜூலை 2023 என்று தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, நகல் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன்.